தனியாக வசிக்கும் பெரியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கும் திட்டம்: பெயர் வைக்க உதவுங்கள்

குளத்துமேடு

வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சி எங்களுடையது. நான் மகளிர் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறேன். பிள்ளைகள் திருப்பூர், சென்னை, துபாய் என்று போய்விட, தனியாக இருக்கும் 70 வயது தாண்டியவர்கள் எங்கள் ஊரில் நிறைய. வியாழக்கிழமைதோறும் குழுப் பெண் ஒருவர் அவர்கள் வீட்டுக்குப் போய் இருபது நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். மாத்திரை தீர்ந்துவிட்டதா, ஓஏபி பணம் வந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்பார். கடைக்கோ பேங்குக்கோ போக வேண்டியிருந்தால் உதவுவார். அவ்வளவுதான். பணம் கிடையாது, சாப்பாடு கிடையாது, வைத்தியமும் கிடையாது.

மூன்று மாதமாக இரண்டு தெருவில், 34 வீடுகளில் நடக்கிறது. இப்போது எல்லா வார்டுக்கும் கொண்டுபோகப் பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் வைக்கப்போகிறார்கள். அதற்குள் பெயர் வேண்டும். பலகை, அடையாள அட்டை, ஆட்டோ விளம்பரம் எல்லாம் அந்தப் பெயரில்தான். பத்து நாள் இருக்கிறது. எங்கள் பட்டியல்:

அன்புக் கரங்கள்
விழுதுகள்
நலமா
ஆதரவற்ற முதியோர் கண்காணிப்பு மற்றும் பராமரிப்புத் திட்டம் (இது செயல் அலுவலர் எழுதியது)

எது நன்றாக இருக்கிறது?

முத்து77

அக்கா, அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2000 ரூபாய் தருகிறார்களே, அது இதுதானா? எங்கள் பாட்டிக்கு 74 வயது. எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? ஆதார், ரேஷன் கார்டு போதுமா?

குளத்துமேடு

தம்பி, அது இல்லை. நாங்கள் பணமே தருவதில்லை.

பழைய ஹெல்த் இன்ஸ்பெக்டர்

முத்து தம்பி தெரியாமலே பெரிய உதவி செய்துவிட்டார். அன்புக் கரங்கள் என்ற பெயரில் தமிழ்நாடு அரசின் திட்டம் 2025 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2000 ரூபாய். நீங்கள் அதே பெயரில் பலகை வைத்தால் மறுநாள் காலை பேரூராட்சி வாசலில் ஆதார் நகலோடு வரிசை நிற்கும். பணம் இல்லை என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள். 'நடுவில் யாரோ அடிச்சிட்டாங்க' என்றுதான் பேச்சு வரும்.

விழுதுகளும் அதே கதை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். அன்புச்சோலை என்று யாராவது சொன்னால் அதையும் இப்போதே அடித்துவிடுங்கள், அது முதியோருக்கான பகல் நேர மையம். அன்பு, கரம், சோலை, விழுது, தாய் எல்லாம் எப்போதோ தீர்ந்துபோன சொற்கள். தீர்மானத்துக்கு முன் சமூகநலம், சுகாதாரம், மாற்றுத்திறனாளி நலம் மூன்று துறைகளின் திட்டப் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

செயல் அலுவலர் எழுதியது கோப்பில் இருக்கட்டும். ஆனால் 'ஆதரவற்ற' என்பதைக் கோப்பிலிருந்துகூட எடுக்கச் சொல்லுங்கள். துபாயில் மகன் இருக்கும் கிழவி தன்னை ஆதரவற்றவள் என்று ஒத்துக்கொள்ளமாட்டாள். மகன் கேள்விப்பட்டால் சண்டைக்கே வருவான்.

சொல்வேட்டை

'கண்காணிப்பு'ம் கூடாது. குற்றவாளியைத்தான் கண்காணிப்பார்கள்.

என் கருத்து: தூய தமிழில், இரண்டு சொல்லுக்குள், ழகரம் இல்லாமல் இருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு ழகரம் வருவதில்லை. அப்புறம் தலைவர் பெயர் எதுவும் வேண்டாம். அரசுத் திட்டங்களுக்கு உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றமே தடை போட்டிருக்கிறது.

பழைய ஹெல்த் இன்ஸ்பெக்டர்

பாதி சரி. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 31 அன்று அப்படி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது உண்மை. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, வழக்குப் போட்டவருக்கு 10 லட்சம் செலவுத்தொகையும் விதித்தது. ஆகவே சட்டத்தைக் காட்டி மன்றத்தில் வாதாட முடியாது.

வேறு காரணம் சொல்லலாம். தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் எந்தெந்தப் பலகையில் காகிதம் ஒட்டுகிறார்கள், எதைத் துணியால் மூடுகிறார்கள் என்று எல்லாரும் பார்த்திருக்கிறோம். பலகையை மூடினால் வேலையே நின்றுவிட்டது என்று பெரியவர்கள் நினைப்பார்கள். உழவர் சந்தை 1999இல் மதுரையில் தொடங்கியது. அதன்பின் எத்தனை ஆட்சி மாறியது! சில ஆட்சியில் கவனிப்பு குறைந்தது, ஆனால் பெயரை யாரும் தொடவில்லை. அந்தப் பெயரில் பிடுங்குவதற்கு எதுவும் இல்லை. அம்மா உணவகம் என்றால் எல்லாருக்கும் புரியும், சொல்ல எளிது, சாப்பாடும் தெரிகிறது. ஆனாலும் 2021 மே மாதம் தேர்தல் முடிவு வந்த இரண்டே நாளில் சென்னை முகப்பேரில் அந்தப் பலகையைத்தான் பிடுங்கிப் போட்டார்கள். கட்சி நடவடிக்கை எடுத்தது, பலகையும் திரும்ப வந்தது, அது வேறு.

மைக்செட் பாலு

ஆட்டோ விளம்பரம் என்றவுடன் உள்ளே வந்துவிட்டேன், இருபது வருஷமாக அதுதான் தொழில். ஹாரன் குழாயில் நெடில் எழுத்து தூரம் போகும், ஒற்று ஒற்றாக அடுக்கினால் கரகரப்புதான் கேட்கும். 'கண்காணிப்பு மற்றும் பராமரிப்பு' என்று போட்டுப் பாருங்கள், 'ப்பு ப்பு' என்று ஊதுகிற மாதிரி இருக்கும். ஆட்டோ ஒரு வீட்டைத் தாண்ட ஏழெட்டு நொடி. அதற்குள் பெயர் இரண்டு தடவை வந்தால்தான் காதில் ஏறும்.

ழகரம் பற்றி சார் சொன்னதை ஒத்துக்கொள்ளமாட்டேன். கோழி, வாழை, கிழமை என்று தினம் சொல்லும் சொல்லில் ழ வந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. 'ள' என்று சொன்னாலும் கேட்பவனுக்குப் புரிந்துவிடும். தெரியாத சொல்லில் வந்தால்தான் வம்பு.

ராணி டீச்சர்

பெயரைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரிலும் ஓர் அமைப்பு இதேபோல் நல்ல மனதோடு தொடங்கியது. பெயர் 'தனித்து வாழும் முதியோர் நலத் திட்டம்'. உறுப்பினர் வீட்டுக் கதவில் எல்லாம் அந்தப் பெயரோடு மஞ்சள் நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் விடுமுறைக்குப் போனபோது பார்த்தேன். 'இந்த வீட்டில் வயதான பெண் ஒருத்தி தனியாக இருக்கிறாள்' என்று ஊருக்கே எழுதி வைத்த மாதிரி இருந்தது. அம்மா அதன்மேல் காலண்டரை மாட்டி மறைத்திருந்தார். திருட்டு எதுவும் நடக்கவில்லை, ஆனால் பயத்தில் சாயந்திரம் ஆறு மணிக்கே கதவைப் பூட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டார். பேச்சுத்துணைக்கென்று வந்த திட்டம் இது!

குளத்துமேடு

டீச்சர், நாங்களும் ஸ்டிக்கர் அச்சடிக்கக் கொடுத்திருந்தோம். இப்போதே போன் போட்டு நிறுத்தச் சொல்கிறேன்.

பழைய ஹெல்த் இன்ஸ்பெக்டர்

டீச்சர் சொன்னதை மன்றத்தில் அப்படியே சொல்லுங்கள். பெயர் வாங்குபவரைச் சொல்லலாம், அல்லது கிடைப்பதைச் சொல்லலாம். 1982இல் சத்துணவு என்று வைத்தார்கள். 'ஏழை மாணவர் உணவு' என்று வைத்திருந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? சத்துணவு என்பதில் சாப்பாடு மட்டும்தான் தெரிகிறது, சாப்பிடுகிறவன் தெரியவில்லை.

வாங்குபவர் பெயரில் வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2022இல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று புதுமைப் பெண் வந்தது. பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. 2024இல் பையன்களுக்கும் அதே ஆயிரம் தர வேண்டியிருந்தபோது அந்தப் பெயருக்குள் அவர்களை உட்கார வைக்க முடியாமல், தமிழ்ப் புதல்வன் என்று இன்னொரு பெயர் தேட வேண்டியதாயிற்று. நாளைக்கு உங்கள் ஊரில் 50 வயதில் பக்கவாதம் வந்து தனியாகக் கிடப்பவரையும் சேர்க்கத் தோன்றும். 'முதியோர்' என்று பெயரில் இருந்தால் அப்போது இடிக்கும்.

இன்னொன்று. நீங்கள் என்ன வைத்தாலும் ஜனம் தன் பங்குக்கு ஒன்று வைக்கும். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் முழுப் பெயரை எந்த வயலிலாவது கேட்டிருக்கிறீர்களா? 'நூறு நாள் வேலை', அவ்வளவுதான். ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை ஊர் 'தாலிக்குத் தங்கம்' என்றது. மக்களைத் தேடி மருத்துவம் என்று அழகாகப் பெயர் வைத்தார்கள், எங்கள் துறை ஆட்களே எம்டிஎம் என்கிறார்கள். அதனால் முதல் கேள்வி: அந்த 34 வீட்டிலும் இப்போது உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

குளத்துமேடு

ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. இன்று மூன்று பேரிடம் கேட்டேன். மேலத்தெரு ஆச்சி 'வியாழக்கிழமப் புள்ள' என்கிறார். இன்னொருவர் 'வியாழக்கிழமை வாரவ' என்றார். ஒரு தாத்தா 'குழுக்காரி'.

அப்படியானால் 'வியாழக்கிழமைப் பிள்ளை' என்றே வைத்துவிடலாமா? எனக்குக் கேட்டவுடன் பிடித்துவிட்டது.

சொல்வேட்டை

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தென்காசிப் பக்கம் என்கிறீர்கள். பலகையில் 'பிள்ளை' என்று எழுதினால் எத்தனை பேர் குழந்தை என்று படிப்பார்கள், எத்தனை பேர் சாதி என்று படிப்பார்கள்?

குளத்துமேடு

ஐயோ. ஆமாம். ஆச்சி வாயில் கேட்டபோது தோன்றவே இல்லை.

கோண்டாவில் சிவா

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட பக்கம் இதற்கு நேர் எதிரான அனுபவம். முன்பு சமுர்த்தி, 2023இலிருந்து அஸ்வெசும. இரண்டும் சிங்களச் சொல். தமிழ்ப் படிவத்திலும் அதையே தமிழ் எழுத்தில் போடுகிறார்கள். கிராமத்துச் சனத்துக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது. ஆனால் 'அஸ்வெசும காசு வந்திட்டுதோ' என்று எல்லாரும் சரியாகக் கேட்பார்கள். காசு வந்தால் எந்தப் பெயரும் வாயில் ஏறும். ஆகவே பெயருக்காக இவ்வளவு தலையைப் பிய்க்க வேணுமா என்று எனக்கொரு ஐயம்.

பழைய ஹெல்த் இன்ஸ்பெக்டர்

சிவா சொல்வதை மறுக்க முடியாது. காசு தரும் திட்டத்தை ஜனமே தேடி வரும், பெயரைக் கற்றுக்கொள்ளும். இவர்களுடையது அப்படி இல்லை. தெரியாத பெண் ஒருத்தி கதவைத் தட்டப்போகிறாள். உள்ளே தனியாக இருப்பவர் திறக்கலாமா வேண்டாமா என்று அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். 'நான் இன்ன இடத்திலிருந்து வருகிறேன்' என்று கதவுக்கு வெளியே நின்று மூச்சு விடாமல் சொல்ல வர வேண்டும். பெயரோடு 'லிருந்து' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பெயர்கள் அங்கேயே விழுந்துவிடும்.

இனி சோதனை. 'இந்தப் பெயர் பிடிச்சிருக்கா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் நம் முகத்துக்காக எல்லாவற்றையும் 'நல்லாருக்கும்மா' என்பார்கள். திட்டம் இன்னும் போகாத தெருவுக்குப் போங்கள். ஒருவருக்கு ஒரே ஒரு பெயர்தான், ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். உடனே 'இதுல என்ன கிடைக்கும்னு நினைக்கிறீங்க' என்று கேட்டு, அவர் சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் வேறு ஆள் போய் 'நேத்து ஒரு பேர் சொன்னாங்களே, என்னது' என்று கேட்க வேண்டும். ஒரு பெயருக்கு எட்டுப் பேர் போதும். கணக்குப் போட இல்லை, எங்கே இடறுகிறது என்று பார்க்கத்தான்.

ராணி டீச்சர்

அவர்கள் பட்டியலில் இல்லாத ஒன்று: 'சாப்பிட்டாச்சா'. நம் ஊரில் நலம் விசாரிப்பதே அப்படித்தானே?

குளத்துமேடு

நன்றாக இருக்கிறது டீச்சர். 'நலமா', 'சாப்பிட்டாச்சா', 'வியாழக்கிழமை வருகை' மூன்றையும் சோதிக்கிறேன். பிள்ளையை எடுத்துவிட்டு வருகை போட்டிருக்கிறேன். எங்கள் தோழி 'எட்டிப் பார்ப்போம்' என்றாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று சிரித்து விட்டுவிட்டோம்.

குளத்துமேடு (நான்கு நாள் கழித்து)

போய் வந்தோம். 24 பேர், பெயருக்கு எட்டு.

'நலமா': மறுநாள் ஏழு பேர் சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஆறு பேர் சுகர் டெஸ்ட், மாத்திரை என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளே போய்ப் பழைய மருந்துச் சீட்டையே எடுத்து வந்துவிட்டார்.

'சாப்பிட்டாச்சா': எட்டுப் பேருக்கும் நினைவிருந்தது, சொல்லிச் சிரித்தார்கள். ஐந்து பேர் சாப்பாடு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்கள். ஒரு ஆச்சி 'மதியத்துக்கு நான் உலை வைக்க வேண்டாமா' என்றபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

'வியாழக்கிழமை வருகை': கிழமையை ஏழு பேர் சொன்னார்கள், 'வருகை' ஒருவருக்குத்தான் நினைவிருந்தது. யாரும் பணமோ சாப்பாடோ எதிர்பார்க்கவில்லை. ஆனால் மூன்று பேர் 'யாரு வாரா? மந்திரியா?' என்று கேட்டார்கள்.

மைக்செட் பாலு

அதுதான் நடக்கும். 'வருகை' என்று நான் வாழ்நாளில் சொன்னதெல்லாம் தலைவர்களுக்குத்தான். மேடைச் சொல் அது.

பழைய ஹெல்த் இன்ஸ்பெக்டர்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அம்மா. 'சாப்பிட்டாச்சா' எல்லாருக்கும் நினைவில் நின்றதே என்று மயங்கிவிடாதீர்கள். தவறான ஒன்றை நன்றாக நினைவில் வைத்திருப்பதுதான் பெரிய தொல்லை. எங்கள் காலத்தில் ஒரு முகாமுக்கு இப்படித்தான் கவர்ச்சியாகப் பெயர் வைத்து, கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியே இரண்டு நாள் போயிற்று.

கிழமை நிற்கிறது, வருகை விழுகிறது. அந்த 34 வீட்டில் ஏற்கெனவே 'வியாழக்கிழமை வாரவ' என்று சொல்லிவிட்டார்களே. 'வியாழக்கிழமை வருவோம்' என்று வைத்தால்?

சொல்வேட்டை

இலக்கணப்படி குறையில்லை, இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒற்று மிகும் இடமும் இல்லை, பலகை எழுதுபவர் பிழை விடமுடியாது. 'வியாழன்' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், குருப்பெயர்ச்சி பலன் கேட்க வந்துவிடுவார்கள். ழகரம் இரண்டு இருக்கிறது, பாலு சொன்னதால் விட்டுவிடுகிறேன்.

மைக்செட் பாலு

சொல்லிப் பார்த்தேன், குழாயில் நன்றாக வருகிறது. கடைசி 'வோம்' இழுத்துச் சொல்ல வசதி. எங்கள் பக்கம் 'வாரோம்' என்றுதான் பேசுவோம், அதையே வைத்தால் இன்னும் நெருக்கம்.

சொல்வேட்டை

பேரூராட்சிப் பலகையில் 'வாரோம்' என்றா? வேண்டாம் ஐயா. எழுத்தில் வருவோம், பேச்சில் அவரவர் விருப்பம்.

கோண்டாவில் சிவா

ஒரு கேள்வி. வியாழன் தீபாவளி வந்தால்? அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால்? பெயரே வாக்குக் கொடுக்கிறது. ஒரு வாரம் போகாவிட்டால் 'வருவோம்னுட்டு வரேல்லை' என்று அந்தப் பெயராலேயே பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

குளத்துமேடு

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வார்டுக்கு மாற்று ஆள் ஒருவர் வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதக் கேட்டிருக்கிறேன், ஒத்துக்கொள்வார்களா தெரியவில்லை. எல்லா வார்டுக்கும் வியாழனே முடியுமா என்பதும் சந்தேகம்தான். இரண்டு வார்டில் அன்று குழுக் கூட்டம்.

பழைய ஹெல்த் இன்ஸ்பெக்டர்

அந்த வார்டுகளில் கூட்டத்தை மாற்றுங்கள், கிழமையை மாற்றாதீர்கள். வார்டுக்கு ஒரு கிழமை ஆனால் பெயர் போச்சு. இன்னும் நான்கு பேரிடமாவது இந்தக் கடைசிப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், சோதிக்காமல் போகாதீர்கள். அடையாள அட்டையில் பெயருக்குக் கீழே 'பணம் கேட்க மாட்டோம், கையெழுத்து வாங்க மாட்டோம்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். இதே பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாரும் கதவைத் தட்டலாம்.

குளத்துமேடு

சரி ஐயா. நாளை ஆறு பேரிடம் கேட்கிறோம். மன்றக் கூட்டம் திங்கள்கிழமை. தலைவர் தன் படம் அட்டையில் வேண்டும் என்கிறாராம், அதைத் திங்களன்று பார்த்துக்கொள்கிறேன்.

மைக்செட் பாலு

முடிவானதும் சொல்லுங்கள். 'வருவோம்' ஒன்று, 'வாரோம்' ஒன்று, இரண்டையும் ரெக்கார்ட் செய்து அனுப்புகிறேன். ஆச்சியிடம் போட்டுக் காட்டுங்கள்.

முத்து77

அக்கா, எங்கள் பாட்டி வீட்டுக்கு வியாழக்கிழமை வருவீர்களா? பாட்டி இருப்பது பக்கத்துப் பேரூராட்சி.